பதினொன்றாம் தேதியா, பதினொன்றாம் மாதமா

இண்டூர் சிறுநீரக நல மையத்தில் கேத்தரின் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் தர்மபுரி டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பதிலிருந்து மிஷினில் வைத்து அளவு பார்ப்பது வரைக்கும் எல்லாம் அவள் கைதான். உரிமையாளர் வயதாகிக் கடையை மூடியதும், ரத்தப் பரிசோதனைக்கான டிஎம்எல்டி டிப்ளமோ படித்தவள், கம்ப்யூட்டரும் தெரியும் என்று மையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறக்கட்டளை நடத்தியது. மூன்று அறை, ஒரு வேன், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர் சுகுணா. இண்டூர் தொடங்கி, பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஏரியூர் வரைக்கும் உள்ள கிராமங்களில் சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர் அங்கே பதிவு செய்திருந்தார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையிலும் சாப்பாட்டிலும் பல வருடம் ஓட்டலாம், விட்டுவிட்டால் டயாலிசிஸ்தான். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் காட்டுவது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவு. அது ஏற ஏற, சிறுநீரகம் இறங்குகிறது என்று பொருள்.

தொல்லை என்னவென்றால், அந்த அளவுகள் ஓரிடத்தில் இல்லை. ஆறு வருடமாகப் பதினோரு பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த ரிப்போர்ட்டுகள் பிடிஎஃப் கோப்புகளாக மையத்தின் கம்ப்யூட்டரில் கொட்டிக் கிடந்தன. சில மின்னஞ்சலில் வந்தவை, சில வாட்ஸ்அப்பில் வந்தவை, சில கசங்கிய தாளை ஸ்கேன் செய்தவை. மொத்தம் நாலாயிரத்து முந்நூறு. ஒருவருடைய ஐந்து ரிப்போர்ட்டும் ஐந்து இடத்தில் கிடக்கும். ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அப்படி வைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இதற்கு ஒரு வழி சொன்னவன் மரிய ஆனந்த். மொரப்பூர்ப் பையன், பெங்களூரில் மென்பொருள் வேலை. சனி, ஞாயிறுகளில் மையத்துக்காக இலவசமாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். நிரல் ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து அதிலுள்ள எழுத்துகளை எடுக்கும். ஸ்கேன் செய்த தாளாக இருந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும். படித்ததை ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் கொடுக்கும். அது ஒவ்வொரு சோதனைக்கும் நான்கே தகவல் கொண்ட ஒரு பதிவைத் திருப்பித் தரும்: சோதனையின் பெயர், வந்த அளவு, அதன் அலகு, ரத்தம் எடுத்த தேதி. எல்லாப் பதிவும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அந்த அச்சுக்கு ஜேசன் என்று பெயர். ஆனந்த் போனில் முதல் தடவை சொன்னபோது, ஜேசன் என்று யாரோ வேலைக்கு வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "அவரு எப்ப வருவாரு தம்பி?" என்று கேத்தரின் கேட்டுவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி டாக்டர் ஒரு வாரம் சிரித்தார்.

நிரலுக்குச் சந்தேகம் வந்தால் பதிவைத் தனியே ஒதுக்கி வைக்கும். அளவு இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை, அலகு பட்டியலில் இல்லை, தேதி தேதியாகவே இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கேத்தரினுடைய பட்டியலுக்கு அனுப்பும். அவள் மூல பிடிஎஃப்பைத் திறந்து பார்த்துச் சரியானதைப் போட வேண்டும். ஒதுக்காமல் போனவற்றிலும் இருபதுக்கு ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தான்.

இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. தன் பதினோரு வருட அனுபவம் இங்கே பயன்படுகிறது என்று நினைத்தாள். ஸ்கேன் தாளில் புள்ளி அழிந்து 1.4 என்பது 14 ஆகிவிடும். அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஏனென்றால் பதினான்கு இருந்தால் அந்த ஆள் நடந்து வந்து ரத்தம் கொடுத்திருக்க மாட்டார். ஒரு கூடம் மட்டும் வேறு அலகில் கொடுத்தது. 132 என்று இருக்கும், மற்ற இடத்துக் கணக்கில் அது ஒன்றரைதான். அலகை ரிப்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்து, மாற்றுவதைப் பிறகு தனியாகச் செய்ய வேண்டும் என்று ஆனந்துக்குச் சொன்னதே அவள்தான். ரத்தத்துக் கிரியாட்டினினையும் சிறுநீரில் எடுத்த கிரியாட்டினினையும் நிரல் ஒரே பெயரில் சேர்த்துவிட்டிருந்தது. அதையும் அவள் பிடித்தாள்.

"அக்கா, நீங்க இல்லன்னா இந்த நிரலை நம்பியே கெட்டுப் போயிருப்போம்" என்று ஆனந்த் சொன்னான். அந்த வார்த்தையை அவள் வீட்டில் கணவனிடமும் சொன்னாள்.

அளவு, அலகு, சோதனைப் பெயர் மூன்றும் அவள் படித்தவை. தேதியை மட்டும் அவள் படிப்பாக நினைக்கவில்லை. தேதி எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு ரத்தம் எடுத்த கூடம் ஒன்று இருந்தது. அவர்களுடைய ரிப்போர்ட்டுகள் இருநூற்று நாற்பது. அவற்றில் பல கேத்தரினுடைய பட்டியலுக்கு வந்தன, தேதி தப்பு என்று. திறந்து பார்த்தாள். ரத்தம் எடுத்த தேதி 10/25/2024 என்று இருந்தது. பத்தாம் தேதி, இருபத்தைந்தாம் மாதம். அன்றைக்கு முகாமில் உட்கார்ந்திருந்தவர் அவசரத்தில் மாற்றி அடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, அக்டோபர் இருபத்தைந்து என்று திருத்தினாள். அன்றைய முகாமில் ரத்தம் கொடுத்த முப்பது பேருக்கும் திருத்தினாள். சில நாள் கழித்து இன்னொரு முகாமின் ரிப்போர்ட்டுகள் அதே போல வந்தன. அதையும் திருத்தினாள். இப்படி ஐந்து முகாம்கள், நூற்று நாற்பத்தெட்டு ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றையும் பொறுமையாக, சரியாகத் திருத்தினாள். அந்தக் கூடத்தின் கம்ப்யூட்டரே மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் போடுகிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அது தோன்றியிருந்தால், மாதமும் நாளும் பன்னிரண்டுக்குள் அடங்கிய மற்ற நான்கு முகாம்களின் ரிப்போர்ட்டுகள் என்ன ஆயின என்ற கேள்வியும் வந்திருக்கும். அவை தொண்ணூற்றிரண்டு. நிரலுக்கு அவற்றில் சந்தேகமே வரவில்லை. நம் நாட்டு வழக்கப்படி நாள் முதலில், மாதம் பிறகு என்று படித்து, சத்தமில்லாமல் உள்ளே போட்டுவிட்டது. இருபதுக்கு ஒன்று என்று எடுத்துப் பார்த்தபோது அவற்றில் நான்கைந்து அவள் கண்ணிலும் பட்டிருக்கும். தாளில் உள்ள எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றாகத்தான் தெரியும். சரி என்று போட்டிருப்பாள்.

ஜனவரி இரண்டாவது வாரம் எல்லாம் முடிந்தது. பதிவுகளை மென்பொருளில் ஏற்றினார்கள். யாருக்குக் கிரியாட்டினின் ஏறிக்கொண்டு போகிறதோ அவர்கள் பெயர் மேலே வரும்படி ஒரு பட்டியல் வந்தது. மேலே இருந்த நாற்பது பேரை வேன் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். டாக்டர் சுகுணா கேத்தரினைக் கூப்பிட்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக நோய்க்கு முன்னால் ஓடுகிறோம் என்றார். அன்று வேன் ஓட்டுநர் பூவரசன் எல்லாருக்கும் போண்டா வாங்கி வந்தான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். ஏரியூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாதேஸ்வரன் என்பவர் தன் மனைவி தீர்த்தம்மாளை ஆட்டோவில் கொண்டுவந்தார். நாற்பத்தேழு வயதுப் பெண். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் இருந்தாள். கேத்தரின்தான் ரத்தம் எடுத்தாள். விரலால் அழுத்திய இடம் கையில் குழியாகவே நின்றது.

டாக்டர் திரையில் பழைய பதிவைத் திறந்தார். தீர்த்தம்மாளுக்கு மூன்று அளவுகள் இருந்தன. 2024 பிப்ரவரியில் 1.6. ஜூனில் 2.4. ஆகஸ்டில் 1.9.

"ஜூன்ல ஏறி ஆகஸ்ட்ல இறங்கியிருக்குதே. அதனாலதான் லிஸ்ட்டுல மேல வரல" என்று தமக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு மாதேஸ்வரனிடம், ஜூன் மாதம் என்ன ஆனது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

மாதேஸ்வரன் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "ஜூன்லயா? ஜூன்ல நாங்க ஊர்லயே இல்லீங்களே. மைசூருக்கு அந்தாண்ட காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டோம். ஆடி பொறந்துதான் வூட்டுக்கு வந்தோம்."

"அப்ப ரத்தம் எப்ப குடுத்தாங்க?"

"ஆஸ்பத்திரில ரெண்டு தடவைங்க. அப்பறம் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாங்க, அதுல ஒரு தடவை. தீபாவளி முடிஞ்சு அடுத்த வாரமுங்க."

பக்கத்து மேசையில் ரத்தக் குப்பிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் அந்த பிடிஎஃப்பைத் திறந்தாள். தீர்த்தம்மாள், பெண், 46. கிரியாட்டினின் 2.4. ரத்தம் எடுத்த தேதி 11/06/2024. அதற்குக் கீழேயே ரிப்போர்ட் கொடுத்த தேதி: 11/07/2024.

ஜூன் பதினொன்றில் எடுத்த ரத்தத்துக்கு ஜூலை பதினொன்றில் ரிப்போர்ட் கொடுப்பார்களா? எந்தக் கூடத்திலாவது ஒரு மாதம் ரத்தத்தை வைத்திருப்பார்களா? எடுத்தது நவம்பர் ஆறு, கொடுத்தது நவம்பர் ஏழு. இரண்டு வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாகத்தான் இருந்தன. நிரலுக்கு ரத்தம் எடுத்த தேதி மட்டும் போதும் என்று சொல்லியிருந்ததால் அது அடுத்த வரியைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

தேதியைத் திருப்பிப் போட்டால் வரிசையும் திரும்பியது. பிப்ரவரியில் 1.6, ஆகஸ்டில் 1.9, நவம்பரில் 2.4. எங்கேயும் இறங்கவில்லை. ஒரே ஏற்றம். சரியாக இருந்திருந்தால் ஜனவரிப் பட்டியலில் தீர்த்தம்மாள் முதல் பத்துப் பேருக்குள் வந்திருப்பாள்.

கேத்தரின் எழுந்து போய் டாக்டரின் காதருகில் குனிந்து சொன்னாள். டாக்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் இந்த அம்மாளைத் தர்மபுரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். பூவரசன் வேனை எடுத்தான். அன்று மதியம் வந்த அளவு 8.7.

மாதேஸ்வரன் வேனில் ஏறுவதற்கு முன்னால் டாக்டர் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மார்கழி முதல் தீர்த்தம்மாளுக்கு முட்டி வலி அதிகம். ஃப்ளோரைடு அதிகமுள்ள அந்தப் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்த பலருக்கும் உள்ள வலிதான். மெடிக்கல் கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கி, தினம் இரண்டு வேளை போட்டிருக்கிறாள். நான்கு மாதமாக. கெட ஆரம்பித்த சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை விஷம் மாதிரி. மையத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வதே அதைத் தொடாதீர்கள் என்பதுதான். தீர்த்தம்மாளின் ரிப்போர்ட்டுகள் மட்டும்தான் அங்கே வந்திருந்தன, அவள் வந்ததில்லை.

எல்லாரும் போன பிறகு கேத்தரின் டாக்டரின் அறைக்குள் போய் நின்றாள். தான் திருத்திய நூற்று நாற்பத்தெட்டைப் பற்றிச் சொன்னாள். கண்ணெதிரே அத்தனை தடவை வந்தும் தனக்கு உறைக்கவில்லை என்றாள். ஜனவரியில் கூப்பிட்டிருந்தால் இந்த அம்மாள் இப்படி ஆகியிருக்க மாட்டாள்தானே என்று கேட்டாள்.

டாக்டர் சுகுணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "கூப்பிட்டிருந்தா மாத்திரைய நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருந்தா ரெண்டு வருஷம், மூணு வருஷம் தள்ளிப் போயிருக்கலாம். போகாமயும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல, கேத்தரின். தெரியும்னு சொன்னா அது பொய்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தப்பு என்று சொன்னால் தப்பைச் சுமக்கலாம். தப்பில்லை என்று சொன்னால் இறக்கி வைக்கலாம். தெரியாது என்பதை என்ன செய்வது?

மரிய ஆனந்துக்குப் போன் செய்தபோது அவன் அலுவலகத்தில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வெளியே வந்து பேசினான். தேதி விதியை எழுதியது நான்தான் அக்கா, உங்கள் தப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள், திருத்தினது நான்தானே தம்பி என்றாள். அப்புறம் இருவரும் வேலையைப் பேசினார்கள், வேறு எதையும் பேச முடியாததால்.

நிரலைச் சரிசெய்ய அவனுக்கு அரை மணி நேரம்தான் ஆனது. எந்தக் கூடம் எந்த வரிசையில் தேதி போடும் என்பதைக் கூடத்துக்குக் கூடம் தனியாக எழுதினான். ரிப்போர்ட் கொடுத்த தேதியையும் எடுக்கச் சொன்னான். எடுத்த நாளுக்கும் கொடுத்த நாளுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, கொடுத்த பிறகு எடுத்ததாக இருந்தாலோ பதிவு ஒதுங்கி நிற்கும். எந்த வரிசை என்று நிச்சயமில்லாத இடத்தில் ஊகிக்காமல் தேதியை வெறுமையாகவே விட வேண்டும். வெறும் அரை மணி நேரம். இதை நினைத்து நினைத்துத்தான் கேத்தரினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு ரிப்போர்ட்டுகளையும் மீண்டும் ஓட்டினார்கள். அவள் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பிடிஎஃப்போடு வைத்துப் பார்த்தாள். பெரும்பாலானவர்களுக்குத் தேதி மாறியதே தவிர வேறொன்றும் மாறவில்லை. பதினேழு பேருக்கு அளவுகளின் வரிசை மாறியது. அந்தப் பதினேழில் ஐந்து பேர் பட்டியலின் மேலே வந்து நின்றார்கள். தீர்த்தம்மாள் அதில் ஒருத்தி. மீதி நான்கு பேர்.

மறுநாளே அவர்களைத் தேடிப் பூவரசனோடு கேத்தரினும் வேனில் போனாள். முதல் ஆள் இண்டூருக்குப் பக்கத்திலேயே இருந்தார். தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் கால் கழுவிக்கொண்டு வேனில் ஏறினார். அவருக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டாவது, ரோசம்மாள் என்ற பெண். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவள் வர மறுத்துவிட்டாள். கேத்தரின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். போன வருடம் வந்து பார்த்தீர்கள், அப்புறம் ஒருவரும் வரவில்லை, இப்போது மட்டும் என்ன அவசரம் என்று அவள் கேட்டாள். மூன்றாவது வீட்டில் பூட்டு தொங்கியது. குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த இடம் என்று தெரியாது என்றார்கள். நான்காவது வீட்டு வாசலில் ஒரு பெண் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். மாது என்பவர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். மாசி மாதமே போய்விட்டார் என்றாள். எதனால் என்று கேத்தரின் கேட்டாள்.

"தெரியலீங்க. உடம்பு வீங்குச்சு. சோறு தண்ணி எறங்கல. போயிட்டாரு."

திரும்பும் வழியில் பூவரசன் ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் கையிலிருந்த பட்டியலில் மாதுவின் பெயருக்கு எதிரே மாசி என்று எழுதினாள்.

தீர்த்தம்மாளுக்கு வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது. ஆனால் சிறுநீரகம் திரும்பவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் செய்தார்கள். ஆனால் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து தர்மபுரிக்கு வர இரண்டு பஸ், இரண்டு மணி நேரத்துக்கு மேல். நாலு மணி நேரம் மிஷினோடு படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பவும் அதே இரண்டு பஸ். மாதேஸ்வரன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். மையத்தின் வேன் வாரத்தில் ஒரு தடவை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் முடியவில்லை.

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கேத்தரின் வீட்டுக்குப் போகாமல் பென்னாகரம் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஏரியூர் பஸ். பிறகு ஒன்றரை மைல் நடை. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் பல விதமாக மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு விதமும் சரியாக வரவில்லை.

தீர்த்தம்மாள் வேப்பமரத்து நிழலில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வந்தவளை அடையாளம் கண்டுகொண்டு, ரத்தம் எடுத்த பொண்ணுதானே என்று சிரித்தாள். வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். தனக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் அளவு என்று சொல்லிக்கொண்டே, கேத்தரின் மோர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேத்தரின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். முகாமில் எடுத்த ரத்தத்தின் தேதியைத் தாங்கள் மாற்றிப் படித்துவிட்டதை, அதனால் நோய் இறங்குகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியதை, அதனால் தை மாதம் கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடாமல் விட்டதை. வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். மாதேஸ்வரன் தரையில் குந்தியபடி கேட்டார். பதினொன்று, ஆறு என்பது அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதிக் காட்டினாள். இப்படிப் படித்தால் ஜூன், இப்படிப் படித்தால் நவம்பர். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தை மாசம் கூப்புட்டிருந்தீங்கன்னா?" என்றார்.

"அந்த முட்டி வலி மாத்திரைய நிறுத்தச் சொல்லியிருப்பாங்க."

"நிறுத்தியிருந்தா?"

கேத்தரின் பதில் சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் சொன்னதையே சொல்லலாம். இரண்டு வருடம், மூன்று வருடம், இல்லாமலும் போயிருக்கலாம். அதை அந்தக் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"தெரியலீங்கண்ணா" என்றாள்.

மாதேஸ்வரன் எழுந்து போய் ஆட்டைப் பிடித்து வேறு நிழலில் கட்டினார். கோபப்பட்டாரா, மன்னித்தாரா, விளங்கவே இல்லையா, எதுவும் தெரியவில்லை. கிளம்பும்போது, வெயில் தாழட்டும், இருந்து போங்க என்று தீர்த்தம்மாள்தான் சொன்னாள். "தேதியெல்லாம் எங்களுக்கே தெரியறதில்ல, நீ என்னம்மா பண்ணுவ" என்றாள். அந்த ஆறுதலைக் கேட்க முடியாமல் கேத்தரின் வேகமாக நடந்தாள்.

ஜூலையில் தீர்த்தம்மாள் வாரம் இரண்டு தடவையாகக் குறைத்தாள். ஆடி பதினெட்டுக்கு ஒரு வாரம் போகவே இல்லை. கேத்தரின் போன் செய்து போன் செய்து வரச் சொன்னாள், வருகிறோம் என்பார்கள். ஒருநாள் தீர்த்தம்மாளே பேசினாள். பஸ்ஸில் வரும்போது வாந்தி வருகிறது, கூட வருகிற ஆளையும் பார்க்கச் சகிக்கவில்லை, எனக்குப் போதும் என்றாள். போதும் என்பவளிடம் வேண்டும் என்று எதைச் சொல்லிப் பேசுவது என்று கேத்தரினுக்குத் தெரியவில்லை. டாக்டர் சுகுணா நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். இரண்டு தடவை வந்தாள். பிறகு வரவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் இறந்துபோனாள். மாதேஸ்வரன் போன் செய்து சொன்னபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கேத்தரின் வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கடிதம் எழுதினாள். முதல் கடிதத்தை டாக்டர் வாங்கவில்லை. இரண்டாவதை அவளே கொடுக்கவில்லை. தான் போனால் அந்த இடத்துக்கு வருகிறவருக்கு 10/25 என்பதைப் பார்த்து என்ன தோன்றும் என்று யோசித்ததால்தான்.

இப்போதும் வாரத்துக்கு அறுபது, எழுபது பிடிஎஃப் வருகிறது. எல்லாவற்றின் தேதியையும் அவள் கண்ணால் பார்க்கிறாள். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் இல்லை. அதனால் வேலை எப்போதும் இரண்டு வாரம் பின்தங்கியே கிடக்கிறது. பின்தங்கிய அந்த இரண்டு வாரத்துக்குள் யாருடைய அளவு ஏறிக்கொண்டிருக்கிறதோ என்ற பயமும் அவளுக்கு உண்டு. பார்த்தால் தாமதம், பார்க்காவிட்டால் தப்பு. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று ஆனந்திடம் கேட்டாள். அவன் யோசிக்கிறேன் அக்கா என்றான்.

சில ரிப்போர்ட்டுகளில் ரத்தம் எடுத்த தேதியே இருப்பதில்லை. தாளை அச்செடுத்த தேதி மட்டும் இருக்கும். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, சம்பந்தப்பட்ட கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்பாள். சிலர் தேடிப் பார்த்துச் சொல்வார்கள். சிலர், அதெல்லாம் எதற்கு மேடம், அச்செடுத்த தேதியையே போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். போடமாட்டாள். பட்டியலில் தேதி இல்லாத பதிவுகள் இப்போது நூற்றுப் பத்து. அந்த ஆட்களை ஏறுகிறவர்கள் என்றும் வைக்க முடியாது, இறங்குகிறவர்கள் என்றும் வைக்க முடியாது.

பெங்களூருக்குப் போன அந்தக் குடும்பத்தின் எண்ணைத் திங்கட்கிழமைதோறும் ஒரு தடவை அழைத்துப் பார்க்கிறாள். கொஞ்ச நாள் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. இப்போது அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரல் முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, அடுத்த பிடிஎஃப்பைத் திறக்கிறாள்.